ஓசூர் அபார்ட்மெண்ட்ல 400 ரூபா கார் வாஷ் ஏன் ஓடல, 600 ரூபா ஏன் ஓடுது: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்க அபார்ட்மெண்ட் ஓசூர்ல பாகலூர் ரோடு பக்கம், 96 வீடு, கார் ஒரு எழுபது, டூவீலர் அதுக்கும் மேல. இங்க ரெண்டு விதமா கார் வாஷ் சந்தா ஓடிப் பாத்தாச்சு. மொதல்ல ஒருத்தர் வந்து காருக்கு மாசம் 400னு எடுத்தாரு, ஆறு மாசத்துல சண்டைல முடிஞ்சுது. அப்புறம் வேற ஒருத்தர் 600னு வந்தாரு, அது இன்னும் ஓடுது. விலை கம்மியா இருக்கறது நிக்காம விலை ஜாஸ்தியா இருக்கறது எப்டி நிக்குதுன்னு அசோசியேஷன்ல நெறைய பேருக்கு புரியல, ஆனா உக்காந்து நிமிஷக் கணக்கு போட்டா ரொம்ப லேசா புரியும், அதத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம். இந்தத் தொழில்ல விக்கறது ஷாம்பூவும் இல்ல தண்ணியும் இல்ல, காலைல அஞ்சு மணிலேந்து எட்டரை வரைக்கும் இருக்கற 210 நிமிஷம், அவ்ளோதான். அதுக்கு முன்னாடி வந்தா செக்யூரிட்டி விடமாட்டாரு, பேஸ்மெண்ட்ல பக்கெட் சத்தம் கேட்டா மொத மாடிக்காரங்க கத்துவாங்க. எட்டரைக்கு மேல வந்தா பாதி வண்டி கெளம்பிடும். இந்த 210 நிமிஷத்த எத்தன வண்டிக்கு பங்கு போடறோம்ங்கறதுதான் ரேட்.

400 ரூபாக்காரர் ஒத்துக்கிட்டது என்னன்னா வாரத்துல ஆறு நாள் தொடைக்கறது, வாரம் ஒரு தடவ தண்ணி ஊத்தி ஷாம்பூ வாஷ். ஒரே ஒரு பையன போட்டாரு, 40 கார் சேந்துச்சு. ஒழுங்கா ஒரு கார் தொடைக்க அஞ்சு நிமிஷம் ஆகும், அதுவும் கை பழகின ஆளுக்கு. ஷாம்பூ வாஷ்னா வீலோட சேத்து இருவது நிமிஷம். 40 கார்ல தெனம் ஒரு ஏழு காருக்கு வாஷ் முறை வரும், அது 140 நிமிஷம். மிச்சம் 33 கார் தொடைக்க 165 நிமிஷம். மொத்தம் 305. இருக்கறதே 210. தண்ணி புடிக்க நடக்கற நேரத்த நான் இதுல சேக்கவே இல்ல.

அப்போ அந்தப் பையன் என்ன பண்ணுவான்? திருட்டு கெடையாது, வேற வழியே கெடையாது. வாஷ மொதல்ல விட்ருவான், ஏன்னா வாஷ் பண்ணலன்னு யாருக்கும் சட்டுனு தெரியாது, தொடைக்கலன்னா தூசிய பாத்து உடனே போன் வரும். அடுத்து தொடைக்கறத ரெண்டு மூணு நிமிஷமா சுருக்குவான், பானட், முன் கண்ணாடி, கதவோட மேல்பாதி. வாஷ் நெஜமா நடக்குதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, காரோட பளபளப்ப பாக்காதீங்க, கதவ தொறந்து கீழ இருக்கற விளிம்ப விரலால தடவிப் பாருங்க, அப்புறம் வீலுக்கு மேல உள்பக்க வளைவுல கை விட்டுப் பாருங்க. அங்க போன வார மண்ணு அப்டியே கட்டியா இருந்தா வாஷ் நடக்கல.

சண்ட ஆரம்பிச்சது மூணாவது மாசம், ஒரு கறுப்பு கார்லேந்து. ஓனர் ராத்திரி பேஸ்மெண்ட்ல எதையோ தேட போன் டார்ச் அடிச்சிருக்காரு, பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா மெல்லிசு கீறல். பகல் வெளிச்சத்துல தெரியாது, ஒரே புள்ளி வெளிச்சம் அடிச்சாத்தான் தெரியும். அடுத்த நாள் குரூப்ல போட்டோ போட்டாரு, ஆளாளுக்கு டார்ச் எடுத்துட்டு கீழ போனாங்க, எல்லா டார்க் கலர் கார்லயும் இருந்துச்சு. வெள்ள கார்லயும் இருக்கும், கண்ணுக்கு தெரியாது அவ்ளோதான்.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க கிரானைட், குவாரி லாரி ஓடுது, ரோட்டு வேல நடக்குது, அந்தத் தூசில குவார்ட்ஸ் இருக்கு. கார் பெயிண்ட் மேல இருக்கற கிளியர் கோட் அதுக்கு முன்னாடி ரொம்ப சாஃப்ட். காஞ்ச துணியால தூசிய இழுத்தா உப்புத்தாள் போடற கததான். நாங்க ஒரு நாள் காலைல அஞ்சரைக்கு கீழ எறங்கி சும்மா நின்னு பாத்தோம். ஒரு பக்கெட், ஒரு துணி, துணியும் பழைய பனியன் துணி. ஆறாவது கார் முடிஞ்சப்போ பக்கெட்ட மெதுவா சாய்ச்சு தண்ணிய கொட்டச் சொன்னோம், அடியில சாம்பல் கலர்ல மண்ணு ஒரு நக அளவுக்கு படிஞ்சிருந்துச்சு, நடுவுல மினுமினுன்னு துகள். அந்தத் தண்ணிலதான் ஏழாவது காருக்கு துணி நனையப் போகுது. “தண்ணி மாத்தலியா தம்பி?”ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. “மாத்தணும்னா மேல குழாய்க்கு போயிட்டு வரணும் சார், அதுக்குள்ள ஒரு வண்டி முடிச்சிடலாம்”னு சொன்னான். அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, அவனுக்கு இருக்கற நிமிஷத்துக்கு அதான் சரி.

இதுல இன்னொரு கூத்து. கோடைல தண்ணி பஞ்சம், டேங்கர் வாங்கிட்டு இருந்தோம், அப்போ கமிட்டில ஒருத்தர் “ஆர்ஓ மெஷின்லேந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய புடிச்சு வெச்சு கார் கழுவ குடுக்கலாமே”ன்னாரு, எல்லாரும் கை தட்டினாங்க. கேக்க நல்லா இருக்கும். ஆனா ஆர்ஓ என்ன பண்ணுது, நல்ல தண்ணிய ஒரு பக்கம் எடுத்துட்டு உப்பு எல்லாத்தையும் மிச்ச தண்ணில தள்ளிடுது. தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கற மீட்டர்ல எங்க போர் தண்ணியே 1,300 டிடிஎஸ் காட்டும், அதோட ஆர்ஓ வேஸ்ட் 2,000 தாண்டுச்சு. அந்தத் தண்ணில கழுவி காய விட்டா தண்ணி ஆவியாப் போயிடும், சுண்ணாம்பு உப்பு பெயிண்ட் மேலயும் கண்ணாடி மேலயும் வெள்ள பொட்டா நின்னுடும். ரெண்டு வாரத்துல பாதி கார் அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. அந்தத் தண்ணி தர தொடைக்க, டாய்லெட் ஃப்ளஷ்க்கு ஓகே, வண்டிக்கு வேண்டாம்.

பொட்டு புதுசா இருந்தா எடுத்துடலாம். வினிகர் பாதி தண்ணி பாதி கலந்து துணில நனைச்சு பொட்டு மேல ஒரு நிமிஷம் வெச்சு, தொடைச்சுட்டு நல்ல தண்ணி விடணும், நிழல்ல பண்ணணும், பெயிண்ட்ல மொதல்ல ஓரமா ஒரு சின்ன எடத்துல போட்டுப் பாத்துக்கணும். விரல் வெச்சா சொரசொரன்னு மேல நிக்குதுன்னா அது வெறும் உப்பு, போயிடும். வினிகர் போட்டும் அதே எடத்துல தடம் தெரியுதுன்னா பெயிண்ட அரிச்சிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் பாலிஷ் கடைதான். எங்க கார்கள்ல ரெண்டும் இருந்துச்சு.

ஆறாவது மாசம் பழைய ஆள் வேணாம்னு முடிவாச்சு. புதுசா வந்தவர் ஒரு சர்வீஸ் சென்டர்ல வாட்டர் வாஷ் பார்த்துட்டு இருந்தவரு, கூட ரெண்டு பசங்க. வந்த உடனே ரேட் சொல்லல, பேஸ்மெண்ட்ட ஒரு சுத்து சுத்திட்டு, “எந்த வண்டி எத்தன மணிக்கு கெளம்பும்னு மொதல்ல ஒரு லிஸ்ட் குடுங்க”ன்னாரு. அப்பவே எனக்கு இவரு தொழில் தெரிஞ்சவருன்னு தோணிடுச்சு.

பழைய பையன் ஸ்லாட் நம்பர் வரிசைல போவான், A1, A2ன்னு. ஓசூர்ல அது வேலைக்கே ஆகாது. இங்க பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி போறவங்க அத்திப்பள்ளி நெரிசலுக்கு பயந்து ஆறரைக்கே எடுத்துடுவாங்க, சிப்காட் மொத ஷிஃப்ட் போறவங்க பைக் அதுக்கும் முன்னாடி போயிடும், லோக்கல்ல ஜெனரல் ஷிஃப்ட் போறவங்க எட்டுக்கு மேல, வீட்லேந்து வேல பாக்கறவங்க வண்டி பல நாள் நகரவே நகராது. ஸ்லாட் வரிசைல போனா நகராத வண்டிய ஆறு மணிக்கு தொடைச்சுட்டு, பெங்களூர் வண்டி தூசியோட போயிடும். இப்ப வரிசை கெளம்பற நேரப்படி. அஞ்சு மணிக்கு மொத ஷிஃப்ட் பைக், அஞ்சே காலுக்கு மேல பெங்களூர் கார், ஏழுக்கு மேல லோக்கல், கடசியா வீட்ல இருக்கறவங்க. அன்னிக்கு யாருக்கு ஷாம்பூ வாஷ் முறையோ அதையும் முடிஞ்சா கடசி குரூப் நேரத்துலயே வெச்சுக்கறாங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஆறே முக்காலுக்கு வந்து நிக்கற வண்டிய உடனே தொட மாட்டாங்க, பானட் சூடா இருக்கும், தண்ணி பட்ட உடனே காஞ்சு பொட்டு விழும், அரை மணி நேரம் ஆறட்டும்னு விட்ருவாங்க.

வேலைய பண்ற விதமும் மாறுச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு பக்கெட், ஒண்ணு ஷாம்பூ தண்ணி, ஒண்ணு துணி அலச. மைக்ரோஃபைபர் துணி மூணு கலர், நீலம் மேல் பாகத்துக்கு, மஞ்ச கதவோட கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும், செவப்பு வீலுக்கு மட்டும். செவப்பு துணி தப்பித்தவறி பானட்ல பட்டா அன்னிக்கு அந்தப் பையனுக்கு திட்டு. கீழ விழுந்த துணிய மறுபடி எடுக்கக் கூடாது, நேரா அழுக்குப் பைக்கு போகணும். மொதல்ல தண்ணிய மேல லேசா விட்டு தூசிய ஊற வெச்சுட்டுத்தான் துணியே தொடும், ரூஃப்லேந்து கீழ, அழுத்தாம நேர் கோட்டுல. காக்கா புறா எச்சம் இருந்தா ஈரத்துணிய அது மேல போட்டுட்டு அடுத்த வண்டிய பாத்துட்டு வந்து எடுப்பாங்க, சொரண்ட மாட்டாங்க. கடசியா காஞ்ச துணியால ஒரு பேனல் முடிச்ச உடனே அந்தப் பேனல துவட்டிடணும், முழு காரையும் நனைச்சுட்டு அப்புறம் துவட்டலாம்னு விட்டா நம்ம போர் தண்ணிக்கு பொட்டு நிச்சயம்.

தண்ணிக்கு எளிசா ஒரு ஏற்பாடு. ஷாம்பூக்கும் வீலுக்கும் போர் தண்ணி, கடசியா அலசறதுக்கு மட்டும் கார்ப்பரேஷன் குழாய்ல வர்ற தண்ணி, எங்க மீட்டர்ல அது 300 பக்கம்தான் காட்டுச்சு. ஒரு தொடைப்புக்கு மூணு லிட்டர், ஒரு ஷாம்பூ வாஷுக்கு இருவது லிட்டர், ஹோஸ் பைப் கெடையாது. ஒரு ஆள் ஒரு காலைல மொத்தமா செலவு பண்றது 170 லிட்டர் வரும், ஹோஸ் திறந்து விட்டா ஒண்ணு ரெண்டு கார்லயே அது போயிடும். சாஃப்ட்னர் இருக்கற அபார்ட்மெண்ட்காரங்க எங்களுக்கு இந்தப் பிரச்சன இல்லன்னு சொல்வாங்க, சாஃப்ட்னர் உப்ப எடுக்கறதில்ல, கால்சியத்துக்கு பதிலா சோடியம் மாத்துது, டிடிஎஸ் மீட்டர்ல பெருசா கொறையாது, பொட்டு விழும் ஆனா ஈரத்துணிக்கே போயிடும்.

இப்ப ரேட்டுக்கு வருவோம். சின்ன கார் 550, செடானும் சின்ன எஸ்யூவியும் 600, பெரிய ஏழு சீட் வண்டி 700, சராசரி 600னு வெச்சுக்கங்க. டூவீலர் 200, அது ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு ஆளுக்கு 24 காருக்கு மேல குடுக்க மாட்டேன்னு அவரு கண்டிப்பா சொல்லிட்டாரு, 12 டூவீலர். கணக்க போடுங்க: தெனம் நாலு காருக்கு வாஷ் 80 நிமிஷம், மிச்சம் இருவது கார் தொடைக்க 100, ஆறு டூவீலருக்கு நாலு நாலு நிமிஷம் 24. மொத்தம் 204. 210-க்குள்ள அடங்குது, மூச்சு விட ஆறு நிமிஷம். அதனாலதான் அவரு மொத நாளே பேஸ்மெண்ட்லயே ஒரு குழாய் போட்டுக் குடுங்கன்னு கேட்டாரு, நடக்கற நேரம் மிச்சமாகணும்ல.

வருமானம் பாத்தா ஒரு ஆள் மூலமா கார்ல 14,400, டூவீலர்ல 2,400, மொத்தம் 16,800. பழையவருக்கு 40 காருக்கு 400 வீதம் 16,000 வந்துச்சு. பாத்தீங்களா, ஒரு ஆளுக்கு வர்ற காசு கிட்டத்தட்ட ஒண்ணுதான்! 400 ரூபா சலுகையெல்லாம் இல்ல, நம்ம வண்டிக்கு உண்டான நிமிஷத்த பக்கத்து வண்டிக்கு வித்துட்டாங்க. புதியவர் பையனுக்கு 10,000 சம்பளம் குடுக்கறாரு, காலைல மட்டும்தான் வேல, அதுக்கப்புறம் அவன் வேற எடத்துக்கு போறான். துணி, ஷாம்பூ, பக்கெட் 1,500, பையன் வராத நாளுக்கு மாத்து ஆள் செலவு 1,000. கையில 4,300 நிக்கும், ரெண்டு பையனுக்கு 8,600. பெரிய லாபம்லாம் இல்ல, அவரு இதே மாதிரி இன்னும் ரெண்டு அபார்ட்மெண்ட் வெச்சிருக்கறதால ஓட்டறாரு. ஒரே ஒரு அபார்ட்மெண்ட்ட நம்பி யாராவது இதுல எறங்கறதா இருந்தா, தானே துணிய புடிக்கணும், ஆள் வெச்சா கட்டாது.

டூவீலர்ல கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். கார் டயருக்கு அடிக்கற கறுப்பு பாலிஷ பைக் டயர்ல அடிச்சா மொத வளைவுல வழுக்கிடும், டிஸ்க் பிரேக்ல எண்ணெய் வழவழப்பு பட்டா பிரேக் புடிக்காது. இங்க அது ரெண்டும் ஒப்பந்தத்துலயே எழுதி தடை. சைடு ஸ்டாண்டுல நிக்கற வண்டிய செண்டர் ஸ்டாண்டுல போட்டுட்டுத்தான் தொடைக்கணும், கண்ணாடிய திருப்பினா பழையபடி வெக்கணும், இது சின்ன விஷயமா தெரியும், காலைல அவசரத்துல கெளம்பறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. சார்ஜ்ல போட்டிருக்கற எலக்ட்ரிக் ஸ்கூட்டர தொடவே கூடாது.

லீவு நாள் ஞாயித்துக்கெழம இல்ல, செவ்வாய்க்கெழம. ஞாயித்துக்கெழமதான் எல்லா வண்டியும் எடத்துல இருக்கு, ஒன்பதரை வரைக்கும் நேரம் கெடைக்குது, டூவீலர் தண்ணி வாஷும் கார் உள்பக்க வாக்வமும் அன்னிக்குத்தான். உள்பக்க வேல ஓனர் பக்கத்துல நின்னாத்தான், சாவிய செக்யூரிட்டி கிட்ட குடுத்துட்டு போற பழக்கத்த அவரு ஒத்துக்கவே இல்ல, “அஞ்சு ரூபா சில்லறை காணோம்னாக்கூட எம்பசங்க பேருதான் கெடும்”னாரு. வண்டி எடத்துல இல்லன்னா காலி ஸ்லாட்ட போட்டோ எடுத்து குரூப்ல போட்ருவாங்க, அந்த நாளுக்கு பணம் கழிக்கறதில்ல, ஆனா பையன் வரலன்னா கழியும். மொத நாள் சேரும்போதே வண்டிய நாலு பக்கமும் போட்டோ, இருக்கற கீறல் எல்லாம் அதுல பதிவாயிடும், அதுக்கப்புறம் ஒரே ஒரு கீறல் சண்டதான் வந்துச்சு, போட்டோவ காட்டின உடனே அடங்கிடுச்சு.

மார்கழி தைல இங்க குளிர் எப்டின்னு ஓசூர்க்காரங்களுக்கு சொல்லணுமா, அஞ்சு மணிக்கு தண்ணில கை வெக்க முடியாது. ரெண்டு மாசம் மட்டும் அஞ்சரைக்கு ஆரம்பிக்கறாங்க, அதனால பெங்களூர் குரூப்புக்கு ஷாம்பூ வாஷ் முறை வந்தா அது ஞாயித்துக்கெழமக்கு தள்ளிப் போகும். ஓப்பன் பார்க்கிங்ல பனி விழுந்து கார் ஏற்கனவே ஈரமா இருக்கும், சும்மா ஒரு துணிய போட்டு இழுத்தா போதும்னு தோணும், அதான் ஆபத்து, பனில ஊறின தூசி சேறா ஒட்டிட்டு இருக்கும், ஒரு மக் தண்ணி ஊத்தாம துணி வெக்கக் கூடாது.

ஆயுத பூஜைக்கு தனி ரேட். மொத நாளே 48 காருக்கும் முழு வாஷ் வேணும், எல்லாருக்கும் சாயங்காலத்துக்குள்ள வேணும், ரெண்டு பசங்களால நடக்காது, அதனால வெளிய ஆள் கூட்டிட்டு வருவாரு, காருக்கு 150 தனியா. அடுத்த நாள் காலைல பானட்ல சந்தனம் குங்குமம் காஞ்சு இருக்கும், சாமி பொட்டாச்சே அழிக்கலாமான்னு பையன் தயங்குவான், வெயில்ல ரெண்டு மூணு நாள் விட்டா வெள்ள கார்ல மஞ்ச செவப்பு கறை நின்னுடும். இப்ப குரூப்ல மொத நாளே கேட்டுடறாங்க, வேணும்ங்கறவங்க நம்பர் பிளேட்ல வெச்சுக்கறாங்க, மத்தவங்களுது ஈரத்துணில ஊற வெச்சு எடுத்துடறாங்க.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தீரல. ஓப்பன் பார்க்கிங்ல புங்க மரத்தடில நாலு கார் நிக்குது, தொடைச்ச ஒரு மணி நேரத்துல பூவும் பிசினும் கொட்டிடும், அவங்க நாங்க ஏன் முழு காசு குடுக்கணும்னு கேக்கறாங்க. அவரு, அந்த வண்டிக்குத்தான் ஜாஸ்தி நேரம் ஆகுது, நியாயமா நான்தான் 50 சேத்துக் கேக்கணும்ங்கறாரு. அடுத்த மாச கமிட்டி மீட்டிங்ல மரக்கிளைய வெட்டறதா, ஸ்லாட்ட சுழற்சில மாத்தறதான்னு பேசப் போறோம்.